வட்டத்துக்குள் இன்னொரு வட்டம்: விழுங்கியது காசா, செல்லா?

கொழிஞ்சாம்பாறையில் ஒரு சிறிய ஸ்கேன் மையத்துக்கு மாலை நேரங்களில் படம் பார்த்துச் சொல்பவன் நான். பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரமான இந்த ஊரில் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ். மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் பாதி மலையாளம், பாதி ஆங்கிலம். அன்று வந்த சீட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: காசு விழுங்கியது, கழுத்து நெஞ்சு எக்ஸ்ரே.

குழந்தைக்கு ஒரு வயது பத்து மாதம். அம்முச்சியின் வீட்டுத் திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்தவள் ஐந்தரை மணி வாக்கில் திடீரென்று ஓக்களித்திருக்கிறாள். அதன் பிறகு எச்சிலை விழுங்காமல் வழியவிட்டபடியே இருந்திருக்கிறாள். கஞ்சி கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்முச்சியின் மடியிலிருந்த சில்லறையில் ஒரு ரூபாய் குறைந்ததால், காசைத்தான் விழுங்கிவிட்டாள் என்று வீட்டில் முடிவுசெய்துவிட்டார்கள். வழியில் பார்த்த மருத்துவரும் அதையே எழுதினார். ஏழு மணிக்கு மேல் எடுத்த படத்தை மையத்திலிருந்த இளைஞர் கைப்பேசியில் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இரண்டு காறை எலும்புகளுக்கும் நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம். கீழே அவர் எழுதியிருந்தது: “காயின் சார். நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லிவிடலாமா?”

அந்தக் கேள்வியில் தவறு இல்லை. உண்மையிலேயே காசாக இருந்து, குழந்தையும் தொந்தரவின்றி இருந்தால், பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் வரை மருத்துவக் கண்காணிப்பில் காத்திருக்கலாம். உணவுக்குழாயில் நின்ற காசுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று தானாகவே வயிற்றுக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் அதே இடத்தில் அதே அளவில் நிற்பது பொத்தான் பேட்டரியாக இருந்தால் ஒரு இரவு என்பது மிக மிக நீண்ட காலம். சவ்வு கால் மணி நேரத்திலேயே வேகத் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண் விழுந்துவிடலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் படத்தில் காட்டுவது விளிம்பில் இருக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டுமே.

ரிமோட், எடைக்கருவி, கார் சாவி, விளக்கு பொம்மை ஆகியவற்றில் இருக்கும் தட்டையான வட்டச் செல்லை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். அது ஒரே தகடு அல்ல. கூட்டல் குறி போட்ட பக்கம் ஒரு சிறு தட்டு. அந்தத் தட்டின் விளிம்பு மடிந்து பக்கவாட்டையும் சேர்த்து மூடியிருக்கும். அதற்குள் கழித்தல் பக்கம் சற்றே சிறிய மூடியாக உட்கார்ந்திருக்கும். இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் இருக்க நடுவே மெல்லிய பிளாஸ்டிக் வளையம் ஒன்று உண்டு. எக்ஸ்ரே கதிர் உலோகத்தில் தடைபடும், பிளாஸ்டிக்கில் எளிதாகப் புகுந்துவிடும். ஆகவே நேர்முகப் படத்தில் வெளியே ஒரு வெள்ளை வளையம், அதற்கு உட்புறம் மெல்லிய சாம்பல் கோடு, அதற்குள் மீண்டும் வெள்ளைத் தட்டு என்று மூன்றும் தெரியும். இதைத்தான் இரட்டை வளையம் என்கிறோம். பக்கவாட்டுப் படத்தில் அதே செல் சட்டியும் மூடியும் போலத் தெரியும்: ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல், நடுவே ஒரு படி. காசுக்கு இந்தப் படி கிடையாது. பக்கவாட்டில் அது ஒரே சீரான கோடு.

காசுக்கும் விளிம்பில் வளையம் உண்டே என்று கேட்கலாம். உண்டு. அச்சடிக்கும்போது ஓரம் சற்றுத் தூக்கலாக அமைகிறது. ஆனால் அந்தத் தூக்கல் கடைசி ஓரத்திலேயே இருக்கும், அதையொட்டி உள்ளே சாம்பல் கோடு இருக்காது. செல்லில் கோடு ஓரத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, வட்டம் முழுவதும் சுற்றி ஓடும். கண் இதற்குப் பழக வேண்டுமானால் ஒரு ரூபாயையும் ஒரு செல்லையும் அருகருகே வைத்து ஒருமுறை படம் எடுத்துப் பார்த்தால் போதும். எங்கள் மையத்தில் அப்படி எடுத்த படம் ஒன்று இப்போது கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.

அன்று எனக்கு வந்த கைப்பேசிப் படத்தில் இந்தக் கோடு எதுவும் இல்லை. வட்டம் சுண்ணாம்பு பூசியதுபோல ஒரே வெள்ளையாக இருந்தது. அதைக் கண்டுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. எலும்பும் நுரையீரலும் நன்றாகத் தெரியும்படி திரையின் வெளிச்சத்தை அமைக்கும்போது, அவற்றைவிட அடர்த்தியான உலோகம் முழுவதும் வெள்ளையின் உச்சத்துக்குப் போய்விடுகிறது. அதற்குள் இருக்கும் நுணுக்கம் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் திரையைக் கைப்பேசியில் பிடித்து, வாட்ஸ்அப் அதைச் சுருக்கி அனுப்பும்போது மிச்சமிருந்த கோடும் கரைந்துபோகிறது. கோடு இல்லை என்று அப்படிப்பட்ட படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. “கணினியில் மூலப் படத்தைத் திற. வட்டத்தை மட்டும் பெரிதாக்கு. வெளிச்சத்தைக் குறைத்து, கழுத்தெலும்பு முழுக்கக் கறுப்பாகும் வரை கொண்டுபோ” என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “சார், உள்ளே இன்னொரு வட்டம் இருக்கிறது” என்றார்.

அளந்தும் பார்த்தார். குறுக்களவு 21 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அளவை நம்பி முடிவெடுக்கும் பழக்கம் பலருக்கு இருப்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். குழந்தை படுக்கும் தகட்டுக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே மூன்று நான்கு சென்டிமீட்டர் இருக்கும். கதிர்க்குழாய் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், நிழல் உண்மையான பொருளைவிட நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு பெரிதாக விழும். அந்தக் கணக்கில் 21-க்குச் சற்றுக் குறைந்த நிழல் என்பது உண்மையில் 20 மில்லிமீட்டர் பொருள். 2011-இல் வந்த ஒரு ரூபாய்க் காசு 22 மில்லிமீட்டர், ஆனால் 2019-இல் வந்த புதிய ஒரு ரூபாய் 20 மில்லிமீட்டர். சந்தையில் அதிகம் புழங்கும் சி.ஆர். 2032 செல்லும் 20 மில்லிமீட்டர்தான். அதன் பெயரிலேயே முதல் இரண்டு எண்கள் குறுக்களவையும் அடுத்த இரண்டு எண்கள் 3.2 மில்லிமீட்டர் கனத்தையும் சொல்கின்றன. ஆக, வீட்டில் காணாமல்போன ஒரு ரூபாயும் ரிமோட்டில் இருக்கும் செல்லும் படத்தில் ஒரே அளவு. அளவு இங்கே எதையும் பிரித்துக் காட்டாது. கைப்பேசிக்கு வந்த படத்தில் அளவே இருக்காது என்பது வேறு.

பிரிப்பது பக்கவாட்டுப் படம். அன்று அதை எடுக்கவில்லை. சீட்டில் கேட்கவில்லை, குழந்தை அழுதாள், காசுதானே என்று விட்டுவிட்டார்கள். நான் கேட்ட பிறகு எடுத்தார்கள். அம்முச்சிக்கு ஈயக் கவசம் போட்டு, குழந்தையை மடியில் பக்கவாட்டாக உட்கார வைத்து, இரண்டு கைகளையும் பின்னுக்கு இழுத்து, தாடையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தார்கள். கைகள் முன்னால் தொங்கினால் தோள்பட்டை எலும்பு, பார்க்க வேண்டிய இடத்தின் மேலேயே வந்து விழும். கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றையும் தாயத்தையும் கழற்றச் சொன்னேன். எங்கள் பக்கத்துக் குழந்தைகளின் உடம்பில் வட்டமான உலோகம் நிறையவே இருக்கிறது: வெள்ளி அரைஞாண், தாயத்துத் தகடு, கயிற்றில் கோத்த காசு, சட்டையின் அழுத்துப் பொத்தான். இவற்றில் ஒன்று மார்பின் மேல் கிடந்தால், விழுங்காததை விழுங்கியதாகச் சொல்லிவிடுவோம். அதைவிட மோசமாக, உள்ளே இருக்கும் உண்மையான வட்டத்தை வெளியே இருக்கும் பொத்தான் என்று தள்ளிவிடுவோம்.

பக்கவாட்டுப் படம் வந்தது. மூச்சுக்குழாயின் கறுப்பு நிறக் காற்றுத்தூண் முன்னால், முதுகெலும்பு பின்னால், இரண்டுக்கும் நடுவே நிமிர்ந்து நின்றது அந்தப் பொருள். உணவுக்குழாயில்தான் இருக்கிறது, மூச்சுக்குழாயில் இல்லை என்பது அதிலேயே உறுதி. நேர்முகத்தில் முழு வட்டமாகத் தெரிந்தால் உணவுக்குழாய், கோடாகத் தெரிந்தால் மூச்சுக்குழாய் என்று ஒரு பழைய சூத்திரம் உண்டு. பெரும்பாலும் சரியாக வரும், எப்போதும் வராது; காற்றுத்தூணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நிச்சயமான வழி. நின்ற இடமும் எதிர்பார்த்த இடம்தான். உணவுக்குழாயின் வாசல் தசைக்குச் சற்றுக் கீழே, காறை எலும்புகளின் மட்டத்தில்தான் பெரும்பாலானவை சிக்குகின்றன. மிச்சமுள்ளவை பெருந்தமனி வளைவு அழுத்தும் நடு நெஞ்சிலோ வயிற்றின் வாசலிலோ நிற்கும்.

பொருளின் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பின்பக்கம் அகலம். முன்பக்கம் மேலும் கீழும் ஓரிரு மில்லிமீட்டர் குறுகி, தெளிவான ஒரு படி. செல்தான். குறுகிய பக்கம் முன்னால், அதாவது மூச்சுக்குழாயைப் பார்த்தபடி.

குறுகிய பக்கம் எங்கே பார்க்கிறது என்பதை நான் அறிக்கையில் எப்போதும் தனி வாக்கியமாக எழுதுவேன். அந்தப் பக்கம்தான் கழித்தல் முனை, புண் ஆழமாவதும் அங்கேதான். செல் உடைந்து அமிலம் கசிவதால் புண்ணாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். செல் உடையவே வேண்டாம். ஈரமான சவ்வு இரண்டு முனைகளையும் இணைத்து மின்சுற்றை முழுமையாக்கிவிடுகிறது. கழித்தல் முனையில் திசுநீரிலுள்ள தண்ணீர் பிரிந்து, சோடா உப்பைவிடப் பல மடங்கு கடுமையான காரம் அங்கேயே உருவாகிறது. அந்தக் காரம் தசையைக் கூழாக்கிக்கொண்டே உள்ளே இறங்குகிறது. தண்ணீரைப் பிரிக்க 1.2 வோல்ட் அளவு இருந்தாலே போதும், புதிய லித்தியம் செல் தருவது 3 வோல்ட். ரிமோட் வேலை செய்யவில்லை என்று கழற்றி மேசையில் போட்ட ‘தீர்ந்துபோன’ செல்லிலும் குழந்தையைப் புண்ணாக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சமிருக்கிறது. முனை முன்னால் பார்த்தால் ஆபத்து மூச்சுக்குழாய்க்கு. பின்னால் பார்த்தால் முதுகெலும்பின் வட்டுகளுக்கு. நடு நெஞ்சில் நின்றால் பெருந்தமனிக்கு. அறுவை அரங்கில் இருப்பவர் எதை எதிர்பார்த்து உள்ளே போக வேண்டும் என்பதை அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறது.

அப்போது மணி ஏழே முக்கால். விழுங்கி இரண்டே கால் மணி நேரம் ஆகியிருந்தது. குழந்தையின் அப்பாவிடம் தொலைபேசியில் நானே பேசினேன். “அண்ணா, இது காசு இல்லை, செல். இன்று இரவே எடுக்க வேண்டும். வேலந்தாவளம் வழியாக நேராகக் கோயம்புத்தூர் போங்கள், நான் அங்கே சொல்லிவைக்கிறேன். வீட்டில் தேன் இருக்கிறதா?” அவர் முதலில் நம்பவில்லை. “அவளுடைய அம்முச்சி காசைத்தானே தேடுகிறார்கள்?” என்றார்.

தேன் பற்றிய கேள்வி கைவைத்தியம் அல்ல. 2018-இல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஒரு குழு, பன்றிக்குட்டிகளின் உணவுக்குழாயில் செல்லை வைத்து, பழச்சாறு முதல் தேன் வரை பலவற்றையும் ஊற்றிச் சோதித்தது. தேனும், வயிற்றுப்புண்ணுக்குத் தரும் சுக்ரால்ஃபேட் மருந்தும் புண்ணின் ஆழத்தைக் குறைத்தன. கொழகொழப்பாகச் சவ்வின் மேல் படிவதும், காரத்தை ஓரளவு மட்டுப்படுத்துவதும் காரணம். இப்போதைய நடைமுறை இது: ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் என்றால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி தேன், மருத்துவமனை போய்ச் சேரும் வரை, அதிகபட்சம் ஆறு தடவை. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது. குழந்தையால் விழுங்க முடியவில்லை என்றாலோ, காய்ச்சலும் நெஞ்சுவலியும் சேர்ந்து குழாயில் துளை விழுந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலோ கொடுக்கக் கூடாது. தேன் வாங்கக் கடை தேடி நேரத்தை இழப்பதும் வேண்டாம், அது செல்லை எடுக்கும்வரை சற்றுத் தாங்குவதற்கு மட்டுமே. வேறு உணவு, வாழைப்பழம், சோற்றுருண்டை எதுவும் கொடுக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. இந்தக் குழந்தை சிறிது சிறிதாக விழுங்கினாள். காரில் போகும் வழியில் நான்கு தடவை கொடுத்தார்கள்.

காரில் ஏறும் முன்பு குழந்தையின் மாமா வீட்டில் இருக்கும் ரிமோட்களை எல்லாம் திறந்து பார்த்திருக்கிறார். அலங்காரச் சரவிளக்கோடு வந்த மெல்லிய ரிமோட்டின் பின்னால் இழுப்பறை வெளியே வந்து காலியாகக் கிடந்தது. அதில் இருந்தது சி.ஆர். 2025: அதே 20 மில்லிமீட்டர், கனம் 2.5. காணாமல்போன ஒரு ரூபாய் மறுநாள் அம்முச்சியின் சுருக்குப்பையில் வெற்றிலைக்கு அடியில் இருந்தது.

அதைவிட மெல்லிய செல்லாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. 1.6 மில்லிமீட்டர் கனமே உள்ள செல்லில் பக்கவாட்டுப் படி மிக நுண்ணியது. குழந்தை பத்துப் பாகை திரும்பியிருந்தாலே போதும், படி மறைந்து காசுபோலவே கோடாகத் தெரியும். படி தெரியவில்லை என்பதை வைத்துக் காசு என்று எழுத, பக்கவாட்டு உண்மையிலேயே பக்கவாட்டாக இருந்தாக வேண்டும்: பொருள் மெல்லிய கோடாகத் தெரிய வேண்டும், நீள்வட்டமாக அல்ல. நீள்வட்டமாகத் தெரிந்தால் திரும்ப எடுக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. நம் பத்து ரூபாய்க் காசு இரண்டு உலோகங்களால் ஆனது, வெளி வளையம் ஒன்று, நடுத்தட்டு வேறொன்று. படத்தில் இரண்டும் சற்று வேறு அடர்த்தியில் விழுந்து இரட்டை வளையம்போலவே தோன்றலாம். அதை இரண்டு விஷயங்கள் காட்டிக்கொடுக்கும். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர், வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் செல்களைவிடத் தெளிவாகப் பெரிது. பக்கவாட்டில் படி இருக்காது. இதைவிடக் குழப்புவது, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு காசுகள். ஒரு பழைய இரண்டு ரூபாயும் ஒரு புதிய ஒரு ரூபாயும் சேர்ந்து நின்றால் நேர்முகத்தில் இரண்டு விளிம்பு, பக்கவாட்டில் ஒரு படி, இரண்டுமே வந்துவிடும். உற்றுப் பார்த்தால் நடுவே மெல்லிய பிளவு தெரியலாம், தெரியாமலும் போகலாம். இத்தகைய படத்தில் என் அறிக்கை “செல் அல்ல என்று சொல்ல முடியாது, செல்லாகக் கருதி உடனே எடுக்கவும்” என்றுதான் போகும். உள்ளே போய்ப் பார்த்து இரண்டு காசுகள் கிடைத்தால் குழந்தைக்கு ஒரு மயக்க மருந்து கூடுதல், அவ்வளவே. காசென்று எழுதி உள்ளே செல் இருந்தால் அந்த இழப்பை ஈடுசெய்ய வழியில்லை.

குழந்தை கோயம்புத்தூர் மருத்துவமனையைச் சேர்ந்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. வெறும் வயிறு ஆகட்டும் என்று அங்கே யாரும் காத்திருக்கவில்லை. காசாக இருந்தால் காத்திருப்பார்கள், செல்லுக்குக் காத்திருப்பதில்லை. மயக்கம் கொடுத்து, குழாய் வழியே பார்த்துக்கொண்டே செல்லை இடுக்கியால் எடுத்தார்கள். படத்தில் பார்த்தபடியே முன்சுவரில் கறுத்த புண், பின்சுவரில் சிவப்பு மட்டும். மூச்சுக்குழாய்க்குள்ளும் கருவியை விட்டு அதன் பின்சுவரைப் பார்த்தார்கள். வீக்கம் இருந்தது, துளை இல்லை.

செல் வெளியே வந்த பிறகும் காரம் உறிஞ்சிய திசு சில நாட்கள், சில வாரங்கள்கூட இளகிக்கொண்டே போகும். ஆகவே வாய்வழி எதுவும் கொடுக்காமல் மூக்குக் குழாய் வழியே பால் கொடுத்து உள்ளேயே வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் நீரில் கரையும் ஒளிமறைப்பு மருந்தைக் குடிக்கவைத்துப் படம் எடுத்து, கசிவு இல்லை என்று உறுதியான பிறகே வாயில் பால் தொடங்கினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அப்பாவிடம் இரண்டு விஷயங்களைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். குடிக்கும்போதெல்லாம் இருமினால் உடனே வர வேண்டும், இரண்டு குழாய்களுக்கும் நடுவே துளை விழுந்ததற்கு அது அடையாளம். வாயிலோ மலத்திலோ ஒரு சொட்டு இரத்தம் வந்தாலும், மலம் தார்போலக் கறுத்தாலும் நள்ளிரவானாலும் வர வேண்டும். பெருந்தமனி அரிக்கப்படும்போது பெருக்குக்கு முன்னால் சில சமயம் அப்படி ஒரு சிறு கசிவு மட்டுமே முன்னறிவிப்பாக வரும்.

ஆறாவது வாரம் மறுபடி எடுத்த படத்தை எனக்கும் அனுப்பியிருந்தார்கள், இம்முறை மூலப் படமாகவே. வெள்ளை மருந்து தொண்டையிலிருந்து இறங்கி, காறை எலும்பு மட்டத்தில் சற்றே குறுகி, மீண்டும் விரிந்து வயிற்றை நோக்கிப் போகிறது. குறுகிய இடத்தின் முன்சுவரில் மட்டும் ஒரு சிறிய உள்வாங்கல். இட்லியை நன்றாகப் பிசைந்து கொடுத்தால் தடையில்லாமல் சாப்பிடுகிறாள் என்று அவளுடைய அப்பா சொன்னார். தோசையின் மொறுமொறு ஓரம் மட்டும் இன்னும் நின்றுநின்றுதான் இறங்குகிறதாம். மூன்றாம் மாதம் இன்னொரு படம் எடுத்து, தழும்பு சுருங்குகிறதா என்று பார்க்கவேண்டியிருக்கிறது.